ஸ்டோரியில் ஓட்டு விழுகிறது, கடைக்கு ஆள் வரவில்லை: எங்கே அறுகிறது என்று கண்டுபிடிப்பது

இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ஓட்டெடுப்பு போட்டாயிற்று, கவுண்ட்டவுன் போட்டாயிற்று, கேள்விப்பெட்டியும் போட்டாயிற்று. சனிக்கிழமை கடையைத் திறந்தால் எப்போதும் வருகிறவர்கள்தான் வருகிறார்கள். சின்ன பூட்டிக் நடத்துகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் "ஸ்டோரி நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது அடுத்த வாரம் இன்னும் இரண்டு ஸ்டிக்கரைச் சேர்க்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். ஸ்டோரியைப் பார்ப்பதில் தொடங்கி ஸ்டிக்கரைத் தொடுவது, உங்களோடு பேசுவது, கடைக்கு வருவது என்று வாடிக்கையாளர் நான்கு படி ஏற வேண்டும். எந்தப் படியில் நின்றுவிட்டார் என்று தெரிந்தால் அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

அதற்கு முதலில் எண்களை எடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் உங்கள் ஸ்டோரியைத் திறந்து விரலால் மேலே தள்ளினால் பார்த்தவர்களின் பட்டியலும், யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதும் வரும். கணக்கு வணிகக் கணக்காக இருந்தால் அடுத்த ஸ்லைடுக்குத் தாவியவர்கள், வெளியேறியவர்கள் எண்ணிக்கையும் கிடைக்கும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியல் 48 மணி நேரம் வரைதான் இருக்கும். அதனால் தினமும் இரவு கடை மூடும்போது ஒரு காகிதத்தில் எழுதி வைப்பது நல்லது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் வைக்கலாம், ஆனால் எனக்குத் தெரிந்து ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

விளக்குவதற்கு ஒரு பூட்டிக்கைக் கற்பனை செய்துகொள்வோம். 640 ஃபாலோயர்கள். சனிக்கிழமை சேலுக்காக வெள்ளிக்கிழமை மாலை ஐந்து ஸ்லைடுகள் போகின்றன. முதல் இரண்டும் உடைகளின் படம், மூன்றாவது ஓட்டெடுப்பு, நான்காவது கேள்விப்பெட்டி, ஐந்தாவது கவுண்ட்டவுன். பார்த்தவர்கள் வரிசையாக 118, 109, 92, 61, 44. ஓட்டு 6. கேள்வி ஒன்றுமில்லை. சனிக்கிழமை "ஸ்டோரி பார்த்து வந்தேன்" என்று சொன்னவர் ஒருவர். இந்த எண்களை வைத்தே ஒவ்வொரு கோளாறாகப் பார்க்கலாம்.

பார்க்கிறார்கள், ஆனால் ஓட்டுப் போடவில்லை

92 பேர் பார்த்த ஸ்லைடில் 6 ஓட்டு. முதலில் கேள்வியைப் பாருங்கள். "எங்கள் சேலுக்கு வருவீர்களா? ஆம் / இல்லை" என்று கேட்டிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. வராதவர் "இல்லை" என்று அழுத்திவிட்டுப் போக மாட்டார், பேசாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். வரலாமா என்று யோசிப்பவரும் "ஆம்" என்று வாக்குக் கொடுக்கத் தயங்குவார். எஞ்சுவது உங்கள் தோழிகள் மட்டும். இரண்டு விடையும் சரியான விடையாக இருக்கிற கேள்விதான் ஓட்டு வாங்கும். ஒரே உடையின் இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிப் படம் எடுத்து, "சனிக்கிழமை வாசலில் எதை மாட்டட்டும்?" என்று கேளுங்கள். யோசிக்க வேண்டிய வேலை இல்லை. கண் பார்த்ததை விரல் சொல்லிவிடும்.

"நீங்கள் எந்த அளவு?" என்று S, M, L, XL வைத்துக் கேட்கும் ஓட்டெடுப்பையும் நிறையப் பார்க்கிறேன். சரக்கு எடுக்க உதவும் என்பது உண்மைதான். ஆனால் யார் எதை அழுத்தினார் என்பது கடைக்காரருக்குத் தெரியும் என்று பலருக்கும் தெரியும். உடல் அளவை அப்படிச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், சரக்குக் கணக்கும் கோணலாகிவிடும். அளவைத் தனியாக மெசேஜில் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி நன்றாக இருந்தும் ஓட்டு விழவில்லை என்றால் ஸ்டிக்கர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்டோரியில் வலப்பக்கம் தட்டினால் அடுத்த ஸ்லைடு, இடப்பக்க ஓரத்தில் தட்டினால் முந்தைய ஸ்லைடு. ஸ்டிக்கரைச் சின்னதாக்கி ஓரத்தில் ஒதுக்கி வைத்தால் ஓட்டுப் போட வந்த விரல் ஸ்லைடைத் தாண்டிவிடும். ஒருவரும் திரும்பி வந்து மறுபடி அழுத்திப் பார்க்க மாட்டார்கள். மேலே கணக்கின் பெயர் வரும் பட்டையும் கீழே மெசேஜ் எழுதும் பெட்டியும் ஸ்டிக்கரை மறைக்கக்கூடும். நடுவில், படத்தின் முக்கியப் பகுதிக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் எட்டும் இடத்தில் வையுங்கள். உங்கள் ஃபோனிலேயே பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் இருக்கும் வேறொரு ஃபோனில், வேறொரு கணக்கிலிருந்து, ஒரு கையால் பிடித்து ஓட்டுப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

ஓட்டு விழுகிறது, ஆள் வரவில்லை

அதிகம் பேர் சிக்கும் இடம் இதுதான். திரையில் சதவீதம் பெரிதாகத் தெரிவதால் நாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். "நீலத்துக்கு 73 சதவீதம்!" என்று அடுத்த ஸ்லைடும் போட்டுவிடுகிறோம். ஓட்டுப் போட்டவர்கள் 11 பேர் என்றால் 73 சதவீதம் என்பது எட்டே பேர். சந்தை முழுவதும் நீலம் விரும்புகிறது என்று இதை வைத்துச் சரக்கு எடுத்தால் கையைச் சுட்டுக்கொள்வோம். அந்த எட்டுப் பேரின் பெயர் நம்மிடம் இருக்கிறது என்பதுதான் இதில் லாபம். பெயரோடு, "எனக்கு நீலம் பிடித்திருக்கிறது" என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கடையில் ஒருவர் ஒரு உடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றால் பேசாமல் இருப்போமா? ஆனால் ஸ்டோரியில் அப்படித்தான் இருந்துவிடுகிறோம்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே மெசேஜ் அனுப்பும் குறி இருக்கும். அன்றிரவே அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் எந்த ஓட்டு, எந்த உடை என்பதே அவருக்கு நினைவிருக்காது. வாசகம் ஒரு துண்டுச்சீட்டு அளவுக்கு இருந்தால் போதும்: "நீலத்துக்கு ஓட்டுப் போட்டதற்கு நன்றி. அது மூன்று அளவுகளில்தான் வந்திருக்கிறது. உங்களுக்கு எது வேண்டும் என்று சொன்னால் சனிக்கிழமை மதியம் வரை தனியாக எடுத்து வைக்கிறேன்." இதில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. அவர் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது நினைவுக்கு வருகிறது. பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வி இருக்கிறது. எடுத்து வைப்பதற்கு ஒரு கெடு இருக்கிறது. எடுத்து வைக்கச் சொன்னவர் பெரும்பாலும் வருவார். வராவிட்டால் மதியத்துக்குப் பிறகு அதைத் திரும்ப மாட்டிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "மூன்று அளவுகளில்தான்" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கடைக்கு வந்து பார்க்கும்போது பொய் தெரிந்துவிடும்.

இங்கே இரண்டு இடறல்கள் உண்டு. ஒரே வாசகத்தை நகலெடுத்து நாற்பது பேருக்குச் சரசரவென்று அனுப்பினால் ஸ்பாம் என்று கருதி உங்கள் கணக்கின் மெசேஜ்களைச் சில நேரம் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லாவது அவருக்கென்று மாறட்டும். அவசரம் வேண்டாம். இன்னொன்று, உங்களைப் பின்தொடராதவருக்கு அனுப்பும் மெசேஜ் அவருடைய கோரிக்கைப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் அதைத் திறக்காமலே இருக்கலாம். அப்படிப்பட்டவர்களிடமிருந்து பதில் வரவில்லை என்று மனம் தளர வேண்டாம், திரும்பத் திரும்ப அனுப்பவும் வேண்டாம்.

பச்சைக்கு ஓட்டுப் போட்டவர்களை மறந்துவிடாதீர்கள். தோற்ற நிறத்தை விரும்பியவரும் வாடிக்கையாளர்தான். "வாசலில் நீலம்தான் மாட்டுகிறோம், ஆனால் உங்கள் பச்சை உள்ளே இருக்கிறது" என்ற வரிக்கு நீலக்காரர்களைவிட நல்ல பதில் வருவதுண்டு. தோற்ற கட்சியில் இருப்பவருக்குத் தன்னைக் கவனித்தார்கள் என்பதில் ஒரு சந்தோஷம்.

கவுண்ட்டவுன் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை

கவுண்ட்டவுன் ஸ்டிக்கரின் பயன் திரையில் ஓடும் எண்களில் இல்லை. பார்ப்பவர் ஸ்டிக்கரைத் தொட்டு Remind me என்பதை அழுத்தினால், நேரம் முடியும்போது அவர் ஃபோனுக்கு அறிவிப்பு போகும். அந்த ஒரு அறிவிப்புக்காகத்தான் இவ்வளவும். ஆகவே எந்தக் கணத்தில் அது போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் நேரம் வைக்க வேண்டும்.

நான் முதன்முதலில் வைத்தபோது தேதியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு விட்டுவிட்டேன். All day என்ற பொத்தான் போட்டபடியே இருந்தது. அந்த நிலையில் கவுண்ட்டவுன் நள்ளிரவில் முடியும். எல்லோரும் தூங்கும்போது அறிவிப்பு போய், காலையில் மற்ற நூறு அறிவிப்புகளுக்கு அடியில் கிடந்தது. அந்தப் பொத்தானை அணைத்தால்தான் மணியை வைக்க முடியும். மணி வைக்கும்போதும் காலையா மாலையா என்று இரண்டு முறை பாருங்கள். பதிவிட்ட பிறகு நேரத்தைத் திருத்த முடியாது. அந்த ஸ்லைடை நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

சேல் சனிக்கிழமை காலை 10 மணிக்கு என்றால் கவுண்ட்டவுனையும் 10 மணிக்கு முடிப்பதுதான் பலர் வழக்கம். நான் ஒன்றரை மணி நேரம் முன்னால், 8.30க்கு முடிப்பேன். 10 மணிக்கு அறிவிப்பு பார்த்தவர் அப்புறம்தான் குளித்துக் கிளம்ப வேண்டும். 8.30க்குப் பார்த்தவர் அன்றைய வேலைகளுக்கு நடுவே கடையையும் செருகிக்கொள்வார். ஆனால் கவுண்ட்டவுனின் பெயரை அதற்கேற்ப வைக்க வேண்டும். "சேல் ஆரம்பம்" என்று பெயர் வைத்து 8.30க்கு முடித்தால் கதவு பூட்டியிருக்கும் கடைக்கு ஆள் வந்து நிற்கும். "இன்று 10 மணிக்குத் திறக்கிறோம்" என்று வையுங்கள். நினைவூட்டல் வரும்போது சொல்ல வேண்டிய செய்தியைப் பெயரே சொல்லிவிட வேண்டும்.

சேல் முடியும் நேரத்துக்குக் கவுண்ட்டவுன் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். முடிந்த பிறகு அறிவிப்பு போய் என்ன பயன்? ஞாயிறு இரவு 8 மணிக்கு மூடுகிறீர்கள் என்றால், "இன்னும் மூன்று மணி நேரம்" என்ற பெயரில் மாலை 5 மணிக்கு முடியும்படி வைத்தால் அர்த்தம் உண்டு.

அடுத்தது, யாருமே Remind me அழுத்தவில்லை என்ற நிலை. நம் உதாரணத்தைப் பாருங்கள். கவுண்ட்டவுன் ஐந்தாவது ஸ்லைடு. 118 பேரில் 44 பேர்தான் அதுவரை வந்திருக்கிறார்கள். அதுவும் வெள்ளி மாலை, அதாவது நினைவூட்டல் தேவைப்படாத அளவுக்குக் கிட்டத்தில். வியாழக்கிழமையே, முதல் அல்லது இரண்டாவது ஸ்லைடாகப் போடுங்கள். ஸ்டிக்கரைத் தொட்டால் நினைவூட்டல் வைக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதைப் பக்கத்தில் எழுத்தில் சொல்லுங்கள்: "இதைத் தொட்டு Remind me அழுத்துங்கள், காலையில் ஞாபகப்படுத்துகிறோம்." வெள்ளிக்கிழமை மறுபடி போடும்போது புதிதாக ஒன்று உருவாக்காதீர்கள். ஸ்டிக்கர் தட்டில் கவுண்ட்டவுனைத் தொட்டால் நீங்கள் முன்பு உருவாக்கியது இருக்கும், அதையே எடுத்துப் போடலாம். புதிதாக உருவாக்கினால் வியாழன் அழுத்தியவர் வெள்ளியும் அழுத்தி, ஒரே காலையில் இரண்டு அறிவிப்பு வாங்குவார்.

சனி காலை நேரம் முடிந்ததும் அந்த ஸ்லைடை நீக்கிவிடுங்கள். 24 மணி நேரம் ஆகாதவரை, முடிந்துபோன கவுண்ட்டவுன் அப்படியே நிற்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு சேலே முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

கேள்விப்பெட்டி காலியாகக் கிடக்கிறது

ஸ்டிக்கரில் தானாக வரும் பொதுவான வாசகத்தை அப்படியே விட்டால் காலியாகத்தான் கிடக்கும். எதைக் கேட்பது என்று அவருக்குத் தோன்றாது. ஒரு உடையைக் காட்டி, "இந்தத் துணியைப் பற்றி என்ன தெரிய வேண்டும்? சாயம், சுருங்குதல், அளவு, எதுவானாலும்" என்று வையுங்கள். அப்புறம் அடுத்த ஸ்லைடில், கடையில் உங்களிடம் உண்மையிலேயே கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். "இது துவைத்தால் சுருங்குமா என்று நேற்று ஒருவர் கேட்டார்" என்று தொடங்கினால் போதும். முதல் கேள்வியைக் கேட்கும் சங்கடம் மற்றவர்களுக்குக் குறைகிறது. இல்லாத வாடிக்கையாளரைக் கற்பனை செய்து பெட்டியை நிரப்புவது வேண்டாம், படிப்பவர்கள் அதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வருகிற கேள்விகளில் பாதி "விலை என்ன?" என்றே இருந்தால் அது ஆர்வம் என்று மகிழ வேண்டியதுதான், ஆனால் உங்கள் ஸ்லைடில் விலை இல்லை என்பதற்கும் அதுதான் அடையாளம். விலையை எழுதிவிடுங்கள். ஒருவர் கேட்டால் அவருக்குப் பின்னால் கேட்காமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

பதிலை ஸ்டோரியில் பகிரும்போது கேட்டவரின் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும். இதைப் பெட்டிக்கு மேலேயே ஒரு வரியில் சொன்னால் கூச்சக்காரர்களும் எழுதுவார்கள். ஆனால் பெயர் மறைந்தாலும் கேள்வியின் வாசகம் அப்படியே வரும். "என் அக்கா கல்யாணத்துக்கு, பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டது" என்று எழுதியிருந்தால் தெரிந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவற்றைத் தனி மெசேஜில் முடித்துக்கொள்ளுங்கள். பகிரும் பதில்கள் மூன்று நான்குக்கு மேல் போக வேண்டாம். பத்துப் பதில்களை வரிசையாகப் போட்டால் மூன்றாவதிலேயே பலர் வெளியேறிவிடுவார்கள்.

ஸ்லைடுக்கு ஸ்லைடு பார்ப்பவர்கள் குறைகிறார்கள்

கொஞ்சம் குறைவது இயல்பு, அதற்கு மருந்து தேட வேண்டாம். திடீரென்று எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். நம் உதாரணத்தில் 92லிருந்து 61. ஓட்டெடுப்பில் நின்று பார்த்தவர்களில் மூன்றில் ஒருவர் கேள்விப்பெட்டியைப் பார்க்காமலே போய்விட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு ஸ்லைடுகள் வேலை சொல்கின்றன, பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு மாலையில் ஒரு ஸ்டிக்கர் போதும், சுற்றிலும் உடைகளின் படம் இருக்கட்டும். இன்னொரு விஷயம்: 24 மணி நேரம் தாண்டாத பழைய ஸ்லைடுகள்தான் முதலில் ஓடும். நேற்று மாலை போட்டதைப் பார்க்காதவர் அதையெல்லாம் தாண்டித்தான் இன்றையதற்கு வர வேண்டும். தேவை முடிந்த ஸ்லைடுகளை அடுத்ததைப் போடும் முன் நீக்கிவிடுங்கள், ஆனால் ஓட்டுப் போட்டவர்களின் பெயரைக் குறித்துக்கொண்ட பிறகு.

இப்படிப் பார்த்தால் அதே பூட்டிக்கின் அடுத்த வாரம் இப்படி அமையும். செவ்வாய் மாலை துணியைப் பற்றிய கேள்விப்பெட்டி. புதன் மாலை பதில்கள் மூன்று, பிறகு நிற ஓட்டெடுப்பு, இரவே ஓட்டுப் போட்டவர்களுக்கு மெசேஜ். வியாழன் மாலை முதல் ஸ்லைடாகக் கவுண்ட்டவுன். வெள்ளி மாலை, வென்ற நிறத்தை வாசலில் மாட்டும் படம், கூடவே அதே கவுண்ட்டவுன். சனி காலை கவுண்ட்டவுனை நீக்கிவிட்டு, திறந்த கடையின் படம் ஒன்று. பில் போடும் இடத்தில் ஒரு தாளை வைத்து, வருபவரிடம் "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர், நினைவூட்டல் பார்த்து வந்தவர், எடுத்து வைக்கச் சொன்னவர் என்று மூன்று வரிசை போதும். ஸ்டோரி எண்கள் கடை வாசலோடு நின்றுவிடும், அதற்கு மேல் இந்தத் தாள்தான் கணக்கு.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் கூட்டமில்லை

வந்தவர்கள் வாங்காமல் போனால் கோளாறு ஸ்டோரியில் இல்லை. அளவு தீர்ந்திருக்கலாம், படத்தில் இருந்த நிறம் நேரில் வேறாக இருக்கலாம், தள்ளுபடி பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். வந்தவர்கள் வாங்குகிறார்கள், ஆனால் வந்ததே ஒன்பது பேர் என்றால் அந்த 118 என்ற எண்ணுக்குத் திரும்பிப் போங்கள். ஸ்டோரியைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உங்களைப் பின்தொடர்பவர்கள். ஓட்டெடுப்பும் கவுண்ட்டவுனும் அவர்களைத்தான் கிளப்பிவிடும். 118 பேர் பார்க்கிற இடத்திலிருந்து ஒன்பது பேர் கடைக்கு வந்தால் ஸ்டிக்கர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. அதற்கு மேல் கூட்டம் வேண்டுமென்றால் புதியவர்கள் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். அதற்கு ரீல்ஸ், கடை வாசலில் கணக்கின் பெயர் எழுதிய பலகை, பையில் போடும் அட்டை என்று வேறு வழிகளைப் பார்க்க வேண்டும்.